லேபிளில் சொல்லப்படாத எள்ளும் கடுகும்

ஒரே நிறுவனத்தின் இட்லிப்பொடி. ஒரு பொட்டலம் சென்னைக் கடைக்குப் போகிறது, இன்னொன்று கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறது. டொரண்டோவில் விற்கும் பொட்டலத்தில் எள் இருந்தால் 'எள்' என்றும், கடுகு இருந்தால் 'கடுகு' என்றும் பெயர் சொல்லி அச்சிட்டாக வேண்டும். சென்னைப் பொட்டலத்தில் இரண்டும் 'ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்' என்ற ஒரே வரிக்குள் அடங்கிப் போகலாம். சட்டப்படி அதில் தவறில்லை. பெரும்பாலானோருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எள் அலர்ஜியோ கடுகு அலர்ஜியோ உள்ள பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்கு, இந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு வந்த லேபிள் விதிகள், அலர்ஜி தரும் பொருட்கள் என எட்டு வகைகளைக் குறிப்பிடுகின்றன. குளூட்டன் உள்ள கோதுமை போன்ற தானியங்கள், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் பாதாம் முந்திரி போன்ற கொட்டைகளும், சோயா, ஓரளவுக்கு மேல் சல்பைட் ஆகியவை அவை. இவற்றில் எது இருந்தாலும் 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் வரியில் தனியே சொல்ல வேண்டும். சோயா அந்தப் பட்டியலில் இருக்கிறது. எள் இல்லை, கடுகும் இல்லை.

பட்டியல் நாட்டுக்கு நாடு மாறுகிறது. கனடாவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மூன்றையுமே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சோயா முன்பே இருந்தது; எள், 2021-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவது அலர்ஜிப் பொருளாகச் சேர்ந்தது. கடுகு அங்கே இன்னும் பட்டியலுக்கு வெளியில்தான் நிற்கிறது. அதனால் அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் பார்பிக்யூ சாஸ் பாட்டிலில் 'ஸ்பைசஸ்' என்று மட்டும் இருந்தால் அதற்குள் கடுகு இருக்கலாம். அதே வகை சாஸ் லண்டனில் வாங்கியதென்றால் கடுகு தடித்த எழுத்தில் தனியாகத் தெரியும். வெளிநாட்டு லேபிள் என்றாலே நம்பலாம் என்று நினைப்பது ஆபத்து. எந்த நாட்டு லேபிள் என்று பார்க்க வேண்டும்.

நம் பட்டியல் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. உலக நாடுகள் சேர்ந்து வகுக்கும் கோடெக்ஸ் உணவு நெறியில் நெடுங்காலம் இருந்த பட்டியலைத்தான் இந்திய விதியும் பின்பற்றியது. அதில் எள் இல்லை. பிறகு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, எள்ளை உலகம் முழுக்கக் கட்டாயமாக்கச் சொன்னது. சோயா, கடுகு இரண்டையும் அந்தந்த நாடுகளே முடிவு செய்யட்டும் என்றது. எள்ளும் கடுகும் அன்றாடம் புழங்கும் இந்தியாவில் இந்த இரண்டும் பட்டியலுக்கு வெளியே கிடப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

சரி, ஒரு லேபிளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முட்டை சேர்க்காத மயோனைஸ் பாட்டில். பின்பக்கத்தில் வழக்கமாக இப்படி இருக்கும்: ரிபைண்ட் சோயாபீன் எண்ணெய், தண்ணீர், சர்க்கரை, பால் பவுடர், உப்பு, ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ், அதன் பிறகு கெட்டிப்படுத்தும் பொருட்களும் கெடாமல் காக்கும் பொருட்களும் எண்களாக. கடைசியில், 'பாலும் சோயாவும் அடங்கியது'.

எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில்தான் இந்தப் பெயர்கள் அச்சாகின்றன. உப்புக்குப் பிறகு வரும் பொருள் உப்பை விடக் குறைவு. ஆகவே அந்த 'ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்' பாட்டிலில் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். மயோனைஸில் போடும் மசாலா என்ன? ஏலக்காயும் கிராம்பும் அல்ல. அநேகமாகக் கடுகுத்தூள். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கட்டி வைக்க முட்டையின் மஞ்சள் கரு உதவும். முட்டை இல்லாதபோது கடுகுத்தூள் அந்த வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கடுகின் உமியில் இருக்கும் வழவழப்பான பசைப்பொருளும் அதன் புரதமும் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. முட்டை அலர்ஜிக்காக 'எக்லெஸ்' தேடி வாங்குகிறவர், அதனாலேயே கடுகை அதிகம் சந்திக்க நேர்கிறது.

இந்த மயோனைஸ் அப்படியே இன்னொரு உணவுக்குள் போகும்போது அடுத்த சிக்கல் வருகிறது. கடையில் விற்கும் 150 கிராம் ரோல் ஒன்றில் மயோனைஸ் நான்கு சதவீதம், அதாவது 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்திய விதிப்படி, பல பொருட்கள் சேர்ந்த கலவை ஒன்று மொத்த உணவில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதற்குள் என்னென்ன என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை; சேர்க்கைப் பொருட்களைச் சொன்னால் போதும். பட்டியலில் உள்ள எட்டு அலர்ஜிப் பொருட்களை அப்போதும் சொல்ல வேண்டும். கடுகு அந்த எட்டில் இல்லாததால் ரோலின் லேபிளில் 'மயோனைஸ்' என்ற பெயர் மட்டும் மிஞ்சும். மயோனைஸில் கடுகு ஒரு சதவீதம் என்றால் ரோலுக்குள் 60 மில்லிகிராம் கடுகுத்தூள் இருக்கிறது. அதில் கால் பங்குக்கு மேல் புரதம். கடுகு அலர்ஜி உள்ள சிலருக்குச் சில மில்லிகிராம் புரதமே போதும்.

நாக்கு எச்சரிக்குமே, காரம் தெரியுமே என்று கேட்கலாம். தெரியாது. கடுகை நசுக்கி நீர் படும்போது அதிலுள்ள மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. உணவுத் தொழிற்சாலைகள் பல வேளைகளில் சூடேற்றி அந்த நொதியை முடக்கிய கடுகு மாவைத்தான் வாங்குகின்றன. காரமும் இல்லை, வாடையும் இல்லை; பிடிமானம் மட்டும் கிடைக்கும். சாசேஜ், சாலட் டிரஸ்ஸிங், பர்கர் சாஸ் எல்லாவற்றிலும் இது போகிறது. காரம் போனாலும் அலர்ஜி தரும் புரதம் போவதில்லை. வெள்ளைக் கடுகில் 'சின் ஏ 1', நம் ஊர்க் கடுகில் 'பிரா ஜே 1' என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் இந்தப் புரதங்கள் சூட்டுக்கும் வயிற்று அமிலத்துக்கும் எளிதில் உடையாதவை. எண்ணெயில் பொரிந்த தாளிப்புக் கடுகும் அலர்ஜிக்காரருக்குக் கடுகுதான். கடுகை ஒதுக்கி வைத்துவிட்டுச் சட்னியைச் சாப்பிடு என்பது உதவாது.

எள்ளுக்கு வருவோம். எவ்வளவு எள் ஆபத்து? மேலே சொன்ன நிபுணர் குழு எள்ளுக்கு வகுத்த அளவு 2 மில்லிகிராம் புரதம். எள் அலர்ஜி உள்ளவர்களில் ஐந்து சதவீதத்தினருக்கு வெளியே தெரியும்படியான அறிகுறியைத் தூண்டக்கூடிய அளவை ஒட்டி அது வகுக்கப்பட்டது. ஓர் எள் சுமார் 3 மில்லிகிராம் எடை இருக்கும். அதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் புரதம். ஆக ஓர் எள்ளில் அரை மில்லிகிராம் புரதம். அந்த 2 மில்லிகிராம் என்பது நான்கு எள். பர்கர் பன்னின் மேல் ஒட்டியிருக்கும் எள்ளைத் தட்டிவிட்டுக் கொடுத்தாலும் நான்கு எள் எங்காவது தங்கியிருக்கும்.

இப்போது சென்னையிலும் கோவையிலும் டப்பாவில் கிடைக்கும் ஹம்முஸ் டிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கொண்டைக்கடலை விழுதில் எள்ளை அரைத்த தஹினியைச் சேர்த்துக் கடைந்தது அது. தஹினி பத்து சதவீதம் என்றால், 15 கிராம் வரும் ஒரு மேசைக்கரண்டி ஹம்முஸில் ஒன்றரை கிராம் தஹினி, அதில் 250 மில்லிகிராமுக்கு மேல் எள் புரதம். நான்கு எள் எங்கே, இது எங்கே! லேபிளில் 'எள்' என்ற சொல்லே வராமல் 'தஹினி' என்று மட்டும் இருந்தால், அது என்னவென்று தெரியாத பாட்டி கொண்டைக்கடலைதானே என்று பேரனுக்கு ஊட்டிவிடுவார். நம் லேபிள்களில் எள் தில், ஜிஞ்சிலி, செசமி என்று மூன்று பெயர்களில் வரும். அரபு மசாலாவான ஜாதர், ஜப்பானியர் சோற்றின் மேல் தூவும் ஃபுரிகாக்கே ஆகிய இரண்டிலும் எள் இருக்கும்.

நல்லெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெயில் புரதம் இருக்காது, ஆகவே பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நன்கு சுத்திகரித்த எண்ணெய்க்கு அது பெருமளவு பொருந்தும். நல்லெண்ணெயை நாம் சுத்திகரித்து வாங்குவதில்லை. செக்கில் ஆட்டி, வண்டல் படியவிட்டு, அந்த மணத்துக்காகவே வாங்குகிறோம். அந்த எண்ணெயில் எள்ளின் புரதம் எஞ்சியிருக்கும். எள் அலர்ஜி உள்ளவருக்கு நல்லெண்ணெயில் ஊறிய மாங்காய்த் தொக்கும் புளிக்காய்ச்சலும் ஆகாது. இதில் ஓர் ஆறுதல், இந்திய லேபிளில் எந்த எண்ணெய் என்று பெயர் சொல்ல வேண்டும் என்பதால் நல்லெண்ணெய் பெரும்பாலும் ஒளிந்துகொள்வதில்லை.

வனஸ்பதி என்ற டால்டாவில் குறைந்தது ஐந்து சதவீதம் எள் எண்ணெய் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுத் தர விதிகளிலேயே பல பத்தாண்டுகளாக ஒரு நிபந்தனை இருந்து வந்தது. நெய்யில் டால்டா கலப்படம் செய்தால் எளிய நிறச் சோதனையில் எள்ளைக் காட்டிக்கொடுக்க வைக்கலாம் என்பதற்காக. கலப்படத்தைப் பிடிக்க எள்ளைத் தேர்ந்தெடுத்த நாட்டில், அலர்ஜிக்காரருக்காக அதே எள்ளை லேபிளில் எழுத விதி இல்லை. வனஸ்பதியில் எஞ்சும் புரதம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். கடுமையான எள் அலர்ஜி உள்ளவர் அதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

சோயாவின் நிலைமை வேறு. அதைச் சொல்லியாக வேண்டும் என்பதால் 'கன்டெய்ன்ஸ்' வரியைப் படித்தால் தெரிந்துவிடும். ஆனால் படிக்கிறவர் அதிகம் பயப்படுவதும் அங்கேதான். சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை. எண்ணெய்க்கு இந்திய விதியே விலக்கு அளிக்கிறது. ஐ.என்.எஸ். 322 என்ற எண்ணில் வரும் லெசித்தினில் புரதம் மிகச் சொற்பம். சோயா அலர்ஜி உள்ள பலர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். உண்மையான சோயா புரதம் இருப்பது சோயா சாஸிலும், சோயா மாவிலும், சிப்ஸ் மேல் தூவும் மசாலாவில் 'ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று வரும் பொருளிலும். இவற்றையும் லெசித்தினையும் ஒரே தட்டில் வைத்தால், சாப்பிடக்கூடிய பல பொருட்களைப் பிள்ளை காரணமின்றி இழக்கும். எது ஆகும், எது ஆகாது என்பதை அலர்ஜி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் இல்லாத சோயா, லேபிளே இல்லாத இடத்தில் வருகிறது: தள்ளுவண்டி பிரைட் ரைஸ், காளான் மஞ்சூரியன், செஸ்வான் சட்னி. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் சேர்ந்திருக்கும்.

லேபிளே இல்லாத இன்னோர் இடம் நம் தெருமுனை மாவு மில். கடைப் பொடியை நம்பாமல் வீட்டிலேயே மிளகாய், மல்லி வறுத்து எடுத்துக்கொண்டு போகிறோம். எள் அலர்ஜி உள்ள பிள்ளைக்காகவே சாம்பார் பொடி அரைக்கப் போன ஒரு தோழியோடு நானும் மில்லில் நின்றேன். "அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்று அவள் கேட்டாள். "எள்ளுப்பொடிம்மா, இப்பதான் ஒருத்தங்க வாங்கிட்டுப் போனாங்க" என்றார் அவர். மிஷினைத் தட்டினால் போதுமா என்று கேட்டதற்கு, "உள்ளே ஒட்டியிருக்கிறது எப்படிம்மா வரும்? காலையில முதல் ஆளா வாங்க, நேத்து கடைசியா அரிசிதான் அரைப்பேன்" என்று அவரே வழி சொன்னார். எண்ணெய்ச்சத்து உள்ள எள் கல்லிலும் சல்லடையிலும் பசையாக ஒட்டும். அடுத்து அரைக்கும் பொடியில்தான் உதிரும். தொழிற்சாலையிலும் இதேதான் நடக்கிறது. ஒரே இயந்திரத்தில் இட்லிப்பொடிக்குப் பின் ரசப்பொடி ஓடினால் ரசப்பொடியின் பொருட்பட்டியலில் எள் வராது, பொடியில் வரும். 'இருக்கலாம்' என்று பொருள்படும் 'மே கன்டெய்ன்' வரி இதற்காகத்தான். எள்ளும் கடுகும் நம் பட்டியலிலேயே இல்லாததால் அந்த வரியிலும் அவற்றை எதிர்பார்க்க முடியாது.

பெயர் சொல்வதால் என்ன பயன் என்பதற்கு 2024-இல் நடந்தது ஒன்றே போதும். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, நிலக்கடலை அலர்ஜி உள்ளவர்கள் கடுகு சேர்ந்த உணவுகளைத் தவிர்க்கும்படி அறிவித்தது. இந்தியாவிலிருந்து போன கடுகுப் பொருளில் நிலக்கடலை கலந்திருக்கலாம் என்ற ஐயம். டிப்புகள், சாஸ்கள், சாலட்கள், சாண்ட்விச்சுகள் என வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. விசாரணை நடந்த நாட்களில் அங்குள்ள ஒரு தாய் செய்ய வேண்டியிருந்தது, ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பிக் கடுகு என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. அதே எச்சரிக்கை நாளை இங்கே வந்தால், எந்தப் பாட்டிலில் கடுகு இருக்கிறது என்று நம்மால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அலர்ஜி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு கண் வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் சந்தேகிக்க வேண்டும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் எள் சிலவேளை ஏமாற்றிவிடும். எள்ளின் கொழுப்போடு ஒட்டியிருக்கும் ஒலியோசின் என்ற புரதம் தண்ணீரில் கரையாது. நீரில் கரைத்து எடுத்த சோதனைத் திரவத்தில் அது இருப்பதில்லை. ஒலியோசினுக்கு அலர்ஜி உள்ளவருக்குச் சோதனை 'இல்லை' என்று சொல்லும், எள்ளுருண்டை 'உண்டு' என்று காட்டும். ஆகவே எதைத் தின்றபோது என்ன ஆயிற்று என்ற விவரத்தையும், தின்ற பொருளின் லேபிளைப் படம் எடுத்தும் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்று அல்ல. அரிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது.

விதி மாறும் வரை நமக்கு இருக்கும் வழி, நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது. லேபிளில் வாடிக்கையாளர் தொடர்புக்கான மின்னஞ்சலோ எண்ணோ இருக்கும். 'உங்கள் பொருள் அலர்ஜி உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானதா?' என்று கேட்டால் 'எங்கள் பொருட்கள் அனைத்தும் தர விதிகளுக்கு உட்பட்டவை' என்று பதில் வரும். அது பதிலே அல்ல. பொருளின் பெயர், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றையும் எழுதி, இரண்டே கேள்விகள் கேளுங்கள். இதிலுள்ள 'ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்' வரியில் எள்ளோ கடுகோ இருக்கிறதா? இதைத் தயாரிக்கும் இயந்திரத்தில் எள்ளோ கடுகோ சேர்ந்த வேறு பொருள் ஓடுகிறதா? நிறுவனம் பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ ஏற்றுமதி செய்வதென்றால், அந்த நாட்டு லேபிளின் படத்தை அனுப்பும்படியும் கேட்கலாம். அங்கே எழுதிக்கொடுத்த தகவல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இரண்டு நாட்டுக்கும் ஒரே செய்முறைதானா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். காரமும் எண்ணெயும் நாட்டுக்கு நாடு மாற்றுவது வழக்கம். 'ஆம்', 'இல்லை' என்று பெயர் சொல்லிப் பதில் வந்த பாட்டிலை வாங்கலாம். வராத பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடலாம். 'நியூ ரெசிபி' என்ற வட்டம் புதிதாக முகப்பில் தென்பட்டால், பழைய பதில் அந்தப் பாட்டிலுக்குச் செல்லாது. மறுபடி எழுத வேண்டும்.